கலியாண சீசனில் பவுண் விலை ஏறுமா? எதிர்பார்ப்பும் கணக்கும்

ஒவ்வொரு ஆண்டும் பனி உருகத் தொடங்கும்போது எங்கள் வீட்டுத் தொலைபேசிகளில் ஒரு பேச்சு ஆரம்பிக்கும். "ஆவணியில கலியாணம் வைச்சிருக்கிறியள், இன்னும் பவுண் எடுக்கேல்லையோ? சீசன் தொடங்கினா விலை பிடிக்க ஏலாது. இப்பவே வாங்கிப் போடுங்கோ." சொல்பவர் மாமியாக இருக்கலாம், முன்வீட்டு அண்ணராக இருக்கலாம், நகைக்கடைக்காரராகவும் இருக்கலாம். கேட்பவர் கையில் காசு இல்லாவிட்டால் கடனட்டையை எடுக்கிறார்.

எங்கள் சமூகத்தில் பவுண் வெறும் நகையல்ல. ஊரைவிட்டு வெளிக்கிட்ட பலருடைய பயணச் செலவு அம்மாவின் தாலிக்கொடியிலிருந்தும் அக்காவின் காப்பிலிருந்தும் வந்தது. ஆகவே விலை ஏறப்போகிறது என்று யாராவது சொன்னால் நாங்கள் மற்றவர்களைவிட வேகமாகப் பயப்படுகிறோம். அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது? கலியாணக் காலத்தில் தேவை கூடுகிறது என்பது உண்மை. விலையும் அதன் பின்னால் போகிறதா என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தேவை ஏன் ஒரே நேரத்தில் குவிகிறது?

முதல் காரணம் பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. புரட்டாதியையும் பலர் தவிர்ப்பார்கள். ஆகவே ஆண்டு முழுவதும் பரவியிருக்க வேண்டிய கலியாணங்கள் தை, வைகாசி, ஆனி, ஆவணி போன்ற சில மாதங்களுக்குள் நெருங்கி நிற்கின்றன.

புலம்பெயர்ந்த பிறகு இதற்கு மேலே இன்னொரு நாட்காட்டி வந்து சேர்ந்தது: பள்ளிக்கூட விடுமுறை. லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் உறவினர் ரொறன்ரோவுக்கு வரவேண்டும் என்றால் யூலையும் ஓகஸ்டும்தான் வசதி. ஆனால் யூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை ஆடி. மிஞ்சுவது ஆனியின் கடைசி நாட்களும் ஆவணியின் முதல் இரண்டு கிழமைகளும்தான். மண்டபக்காரரும் படப்பிடிப்பாளரும் அந்தக் கிழமைகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே பதிவாகிவிடுவது இதனால்தான். அந்தக் கலியாணங்களின் தாலிக்கொடியும் காப்பும் நெக்லசும் செய்யவேண்டிய பத்தருக்கும் அதே நெருக்கடி.

இந்தியாவில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. உலகில் சீனாவும் இந்தியாவும்தான் தங்க நகைக்கு முதலிரண்டு சந்தைகள். இந்தியா அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 700 முதல் 800 தொன் வரை தங்கம் வாங்கியிருக்கிறது. அதில் பாதியளவு கலியாணங்களுக்காக என்று மதிப்பிடப்படுகிறது. அறுவடை முடிந்து கமக்காரர் கையில் காசு புழங்கும் ஐப்பசி, கார்த்திகை நாட்களில் வடஇந்தியாவின் தந்தேரஸ், தீபாவளி, கலியாணக் காலம் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அட்சய திருதியை வருகிறது.

அட்சய திருதியையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பாட்டிமார் காலத்தில் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அந்த நாளுக்கென்று நகைக்கடை வாசலில் வரிசை நின்றதில்லை. தமிழகத் தொலைக்காட்சி விளம்பரங்கள் எங்கள் வீடுகளுக்குள் வந்த பிறகு பழகிக்கொண்ட வழக்கம் இது. எங்களுடைய பழைய வழக்கம் பொன்னுருக்கு. கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்கான பொன்னை உருக்குவோம். அதற்கு முன்பே பவுண் வீட்டுக்கு வந்திருக்கவேண்டும். எங்கள் தேவைக்கும் ஒரு கடைசித் திகதி இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். கடைசித் திகதி உள்ளவர் பேரம் பேசும்போது பலவீனமாகவே நிற்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வருவோம்.

பிறகு விலை ஏன் தானாக ஏறுவதில்லை?

மாம்பழம் என்றால் கணக்கு இலகு. வாங்குவோர் கூடினால், கடையில் உள்ளது குறைந்தால், விலை ஏறும். தங்கம் மாம்பழம் போலல்ல. அழுகாது, தின்று முடியாது. மனிதர் இதுவரை தோண்டியெடுத்த தங்கம் 2 இலட்சம் தொன்னுக்கும் மேல். அதில் பெரும்பகுதி இன்னும் யாரோ ஒருவரின் கழுத்திலோ பெட்டகத்திலோ வங்கியிலோ இருக்கிறது. சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்குப் புதிதாக வருவது 3,500 தொன்னுக்குச் சற்று மேல்தான். ஆகவே விலையைத் தீர்மானிப்பது இந்த ஆண்டு எவ்வளவு தோண்டினார்கள், எவ்வளவு நகை செய்தார்கள் என்பதைவிட, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை வைத்திருக்க விரும்புகிறார்களா, விற்க விரும்புகிறார்களா என்பதுதான்.

லண்டன் சந்தையில் ஒரு நாளில் கைமாறும் தங்கம் பல நூறு தொன். அதாவது இந்தியா ஓராண்டில் வாங்கும் அளவு அங்கே ஓரிரு நாட்களில் கைமாறிவிடுகிறது. அதில் பெரும்பகுதி ஒரு பெட்டகத்தைவிட்டு நகராமல் கணக்கில் மட்டும் பெயர் மாறுவது. ஆனால் விலை பிறப்பது அங்கேதான். அங்கே விற்று வாங்குபவர்கள் அமெரிக்க வட்டி வீதத்தையும் டொலரின் பலத்தையும் போர்ச் செய்தியையும் பார்க்கிறார்கள். வட்டி ஏறினால், வட்டி தராத தங்கத்தை வைத்திருப்பது அவர்களுக்கு நட்டம், விற்கிறார்கள். பயம் கூடினால் வாங்குகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அட்சய திருதியை எப்போது வரும், தீபாவளி எப்போது வரும் என்பது எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியமல்ல. லண்டன் வியாபாரிக்கும் துபாய் மொத்த விற்பனையாளருக்கும் மும்பை இறக்குமதியாளருக்கும் அதே நாட்காட்டி மேசையில் இருக்கிறது. அவர்கள் பல கிழமைகளுக்கு முன்பே வாங்கி வைக்கிறார்கள். நாங்கள் கடைக்குள் நுழையும் நாளில் உலகச் சந்தையைப் பொறுத்தவரை அந்தத் தேவை பழைய செய்தி. எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் ஒன்று நடக்கும்போது விலைக்கு அசையக் காரணமில்லை.

2013: தேவை மலையேறியது, விலை விழுந்தது

இதற்கு நல்ல சாட்சி 2013ஆம் ஆண்டு. அந்த ஏப்ரல் நடுப்பகுதியில், இரண்டே வணிக நாட்களுக்குள், தங்கம் ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 1,560 டொலரிலிருந்து 1,350 டொலரளவுக்கு விழுந்தது. முப்பது ஆண்டுகளில் காணாத வீழ்ச்சி என்று சொன்னார்கள். மேற்குலக முதலீட்டாளர் தங்கத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவிலும் சீனாவிலும் நடந்தது இதற்கு நேர்மாறு. விலை விழுந்தது என்ற செய்தி கேட்டவுடன் கலியாணத்துக்கு வாங்கக் காத்திருந்தவர்கள், அடுத்த ஆண்டு கலியாணத்துக்கு வாங்க நினைத்தவர்கள் எல்லோரும் கடைகளுக்கு ஓடினார்கள். மே 13 அட்சய திருதியை. ஏப்ரல், மே இரண்டு மாதங்களிலும் சேர்த்து இந்தியா இறக்குமதி செய்த தங்கம் 300 தொன்னளவு. சாதாரண ஆண்டொன்றில் நான்கைந்து மாதங்களுக்கு வரக்கூடியது.

விலை என்ன செய்தது? அட்சய திருதியை நாளில் 1,430 டொலரளவில் இருந்தது. யூன் கடைசியில் 1,200 டொலருக்கும் கீழே போனது. அமெரிக்க மத்திய வங்கி, பணம் அச்சிட்டுப் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கப்போவதாகக் கோடி காட்டியதே போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு முழுவதிலும் தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட முதலீட்டு நிதியங்களிலிருந்து மட்டும் 880 தொன்னளவு வெளியேறியது. உலகின் நகைக்கடைகள் எல்லாம் நிரம்பி வழிந்தும், ஆண்டு முடிவில் விலை கால்வாசிக்கும் மேல் குறைந்திருந்தது.

இங்கே காரணமும் விளைவும் எந்தப் பக்கம் ஓடின என்று பாருங்கள். தேவை கூடியதால் விலை அசையவில்லை; விலை அசைந்ததால் தேவை கூடியது. விலை கடுமையாக ஏறும் காலங்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அப்போது பதினைந்து பவுணில் நினைத்த கொடி பதினொன்றாகிறது, பழைய நகையைக் கொடுத்துப் புதியதாக மாற்றுகிறார்கள்.

அந்த வீழ்ச்சி ஊரையும் தொட்டது. இலங்கையில் நகையை அடைவு வைத்துக் கடன் எடுத்த பலர், நகையின் பெறுமதி கடனைவிடக் குறைந்ததும் மீட்காமல் விட்டார்கள். வங்கிகள் அடைவுக் கடன்களில் பெரும் நட்டத்தைச் சந்தித்தன. "பவுண் ஒருநாளும் இறங்காது" என்ற எங்கள் நம்பிக்கைக்கு அது ஒரு பாடம்.

அப்படியானால் "சீசனில் விலை ஏறியது" என்று ஏன் நினைவிருக்கிறது?

அதே 2013இல் சென்னையில் இருந்த உறவினர் ஒருவரைக் கேட்டிருந்தால், "ஆவணியில விலை தாறுமாறா ஏறிட்டுது" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சொன்னதும் பொய்யல்ல. மே தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 54 ரூபாவளவில் இருந்த இந்திய நாணயம் ஓகஸ்ட் கடைசியில் 68க்குப் போனது. இந்திய அரசு தங்க இறக்குமதித் தீர்வையை யூனில் 8 வீதமாகவும் ஓகஸ்டில் 10 வீதமாகவும் உயர்த்தியது. சிரியாவில் போர் மூளும் என்ற பயத்தில் உலக விலையும் ஓகஸ்ட் கடைசியில் 1,400 டொலரளவுக்கு மீண்டிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சரக்குத் தட்டுப்பாடு வந்து, ஆண்டின் பிற்பகுதியில் உள்ளூர் வியாபாரிகள் உலக விலைக்கு மேலே அவுன்சுக்கு 100 டொலருக்கும் கூடுதலாகக் கேட்டார்கள். நாணயம், தீர்வை, போர்ப்பயம், தட்டுப்பாடு ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலையை மக்கள் கலியாண சீசனின் கணக்கில் எழுதினார்கள்.

இலங்கையில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு பவுண் என்பது 8 கிராம். 22 கரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். பழைய பிரித்தானியப் பவுண் காசின் நிறையும் தரமும் ஏறத்தாழ இதுவே; சொல்லும் அங்கிருந்துதான் வந்தது. உலக விலை அவுன்ஸ் 1,850 டொலர் என்றால் ஒரு பவுணிலுள்ள தங்கத்தின் பெறுமதி சுமார் 436 டொலர். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 87,000 ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவானதும் அது 157,000 ரூபா. தங்கம் டொலரில் அதே இடத்தில்தான் நின்றது. விழுந்தது ரூபாதான்.

மனித மனத்தின் இன்னொரு பழக்கமும் இதற்கு உதவுகிறது. விலை ஏறிய சீசனை நாங்கள் பல ஆண்டுகள் பேசுகிறோம். விலை இறங்கிய சீசனை ஒருவரும் பேசுவதில்லை, வாங்கியவர் வெட்கத்தில் மறைத்துவிடுகிறார்.

முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஆய்வாளர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1980 முதல் 2010 வரையான விலைகளை ஆராய்ந்த டிர்க் போர் என்ற பொருளியலாளர், செப்ரெம்பர், நவம்பர் மாதங்களில் தங்கம் சராசரியாக ஏறியிருப்பதைக் கண்டார். இந்தியக் கலியாணக் கொள்வனவு அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. ஆகவே சீசனுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று அடித்துச் சொல்வது சரியல்ல.

ஆனால் முப்பது ஆண்டுச் சராசரி என்பது எங்கள் பிள்ளையின் கலியாண ஆண்டுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி அல்ல. 2020, 2021, 2022, 2023 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் செப்ரெம்பரில் தங்கம் விலை குறைந்தது. 2024, 2025 செப்ரெம்பர்களில் ஏறியது. அண்மைய இரண்டு தீபாவளிகளையும் பாருங்கள். 2024 ஒக்ரோபர் 29 தந்தேரஸ். அந்தக் கிழமையில் விலை 2,790 டொலரளவில் அன்றைய உச்சத்தைத் தொட்டது. நவம்பரில் இந்தியக் கலியாணங்கள் தொடங்கின. அதே நேரம் அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்து டொலர் பலமடைய, நவம்பர் நடுப்பகுதியில் விலை 2,560 அளவுக்கு இறங்கியது. 2025 ஒக்ரோபர் 20 தீபாவளி. அன்று விலை 4,380 டொலரளவில் இன்னொரு உச்சம். அடுத்த நாள் ஒரே நாளில் 5 வீதத்துக்கும் மேல் விழுந்தது.

இந்த ஆண்டுகளில் தங்கம் பெரிதாக ஏறியது உண்மை. ஆனால் அதன் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர்கள் மத்திய வங்கிகள். 2022இல் ரஷ்யாவின் வெளிநாட்டு நாணய இருப்புகள் முடக்கப்பட்ட பிறகு, பல நாடுகள் டொலருக்குப் பதிலாகத் தங்கத்தைச் சேர்க்கத் தொடங்கின. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் அவை ஆண்டுக்கு 1,000 தொன்னுக்கும் மேல் வாங்கின. அவர்கள் ஆடி, ஆவணி பார்த்து வாங்குபவர்கள் அல்லர்.

சீசனோடு உண்மையில் ஏறுவது எது?

இப்போது எங்கள் கடை வாசலுக்கு வருவோம். நாங்கள் கொடுக்கும் விலையில் தங்கத்தின் விலை ஒரு பகுதி மட்டுமே. அதற்கு மேல் செய்கூலி, சேதாரம், கடையின் இலாபம், வரி என்பவை ஏறி உட்காருகின்றன. உலகச் சந்தைக்கு ஆவணி தெரியாது. செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் நன்றாகத் தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ரொறன்ரோவில் ஒரு குடும்பம் மகனின் கலியாணத்துக்குப் 11 பவுணில் தாலிக்கொடி செய்யப்போகிறது. தங்கம் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டொலர், ஓர் அமெரிக்க டொலர் 1.40 கனேடிய டொலர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அவுன்ஸ் 31.1 கிராம். அப்படியானால் 22 கரட் தங்கம் ஒரு கிராம் 165 கனேடிய டொலர், ஒரு பவுண் 1,320, பதினொரு பவுண் 14,520 டொலரளவு. இது தங்கம்.

செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கடை 12 வீதம் கேட்கிறது: 1,740. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி: 2,110. மொத்தம் 18,370 டொலர். இதில் 3,850 டொலர் தங்கமே அல்ல.

இந்தக் குடும்பத்துக்குப் பயமெல்லாம் தங்கம் 4 வீதம் ஏறிவிடுமோ என்பதுதான். ஏறினால் மொத்தத்தில் 735 டொலர் கூடும். ஆனால் செய்கூலியை 12 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குப் பேசி இறக்கினால் வரியோடு சேர்த்து 650 டொலர் மிஞ்சும். கிட்டத்தட்ட அதே தொகை. முதலாவது எங்கள் கையில் இல்லை. இரண்டாவது ஓரளவுக்கு இருக்கிறது, ஆனால் எப்போது? பத்தருக்கு வேலை குறைந்த மாசி, பங்குனி நாட்களில். பொன்னுருக்குக்கு இரண்டு கிழமை இருக்கும்போது போய் நின்றால் கடைக்காரர் இறங்கிவர அவசியமில்லை. கடைசித் திகதி உள்ளவர் பலவீனமானவர் என்று முன்னர் சொன்னது இதைத்தான்.

இப்போது கடனட்டைக்கு வருவோம். அதே 18,370 டொலரைப் பங்குனியில், ஆண்டுக்கு 20 வீத வட்டியில் எடுத்து, ஆவணியில் மொய்ப்பணம் வந்ததும் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத வட்டி மட்டும் 1,530 டொலர். அது மொத்த விலையில் 8 வீதத்துக்கும் மேல். அதாவது அந்த ஐந்து மாதங்களில் பவுண் 8 வீதத்துக்கு மேல் ஏறினால்தான் அவசரப்பட்டது இலாபம். ஏறாவிட்டாலோ இறங்கிவிட்டாலோ, வராத சீசன் விலையேற்றத்துக்குப் பயந்து, நிச்சயமாக வரும் வட்டியைக் கட்டியிருக்கிறோம். முன்கூட்டி வாங்குவது சேமிப்பிலிருந்து வாங்குபவருக்கு ஒரு கணக்கு, கடனில் வாங்குபவருக்கு முற்றிலும் வேறொரு கணக்கு.

கடையில் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில், அன்றைய கிராம் விலையைக் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே கணக்கிடுங்கள். தொலைபேசியில் அவுன்ஸ் விலையை உங்கள் நாட்டு நாணயத்தில் பார்த்து, 31.1ஆல் பிரித்து, 0.9167ஆல் பெருக்கினால் 22 கரட் ஒரு கிராமின் சந்தைப் பெறுமதி வரும். கடையின் கிராம் விலை இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது வழமை. எவ்வளவு கூடுதல் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்சய திருதியை நாளில் "செய்கூலி இல்லை" என்று எழுதிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கு மிக உதவும். செய்கூலியை எடுத்துவிட்டுக் கிராம் விலையில் கூட்டியிருக்கலாம், சேதாரத்தில் கூட்டியிருக்கலாம். மொத்த விலையை எடுத்து, நிறையால் பிரித்து, நீங்கள் வீட்டில் கண்ட தொகையோடு ஒப்பிட்டால் சலுகை உண்மையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு கடைகளை ஒப்பிடுவதும் இப்படித்தான்: ஒவ்வொரு கடையிலும் வரிக்கு முந்திய மொத்தத்தைக் கிராமால் பிரியுங்கள். கல் வைத்த நகையென்றால் கல்லின் நிறையைக் கழித்துத் தங்கத்தின் நிறையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சேமிப்பிலிருந்து முன்கூட்டி வாங்க விரும்புபவர்கள் 24 கரட் காசாகவோ கட்டியாகவோ சிறிது சிறிதாக வாங்கலாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் முதலீட்டுத் தரத் தங்கத்துக்கு விற்பனை வரியோ வற் வரியோ இல்லை, நகைக்கு உண்டு. மூன்று நான்கு தடவையாக வாங்கினால் உச்ச விலையில் முழுவதையும் வாங்கிவிடும் ஆபத்தும் குறையும். ஆனால் ஒரு கிராம், இரண்டு கிராம் கட்டிகளில் தயாரிப்புச் செலவு விகிதத்துக்கு அதிகம். கொஞ்சம் பெரிய காசாக வாங்குவது நல்லது. அந்தக் காசை நகையாக்கும்போது அதை எந்த விலைக்கு எடுப்பார், எவ்வளவு கழிப்பார், வரி எதன் மேல் போடுவார் என்பதைப் பத்தரிடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இது பேசாமல் விட்டால் வரியில் மிச்சம் பிடித்தது கழிவில் போய்விடும்.

மூன்றாவது, ஓடர் கொடுக்கும்போது விலை எந்த நாளின் விலை என்று பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். முற்பணம் கொடுத்த நாளின் விலையா, நகையை எடுக்கும் நாளின் விலையா? இந்த ஒரு வரி இல்லாததால் நடக்கும் மனத்தாங்கல்கள் எங்கள் சமூகத்தில் ஏராளம். விலை ஏறினால் எடுக்கும் நாள் விலை, இறங்கினால் முற்பண நாள் விலை என்று கடை சொல்லும்போது, எழுத்து இல்லாதவருக்குப் பதில் இல்லை.

தாலிக்கொடி எத்தனை பவுண் என்பது குடும்பத்தின் விருப்பம். ஒற்றைப்படையில் ஒன்பதா, பதினொன்றா, பதினைந்தா என்பதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் அடுத்த முறை தொலைபேசியில் "சீசன் வருது, ஓடிப்போய் எடுங்கோ" என்று கேட்டால், "விலையை விடுங்கோ மாமி, பத்தர் எப்ப சும்மா இருப்பார் எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். மிச்சம் பிடிக்கக்கூடிய காசு அங்கேதான் இருக்கிறது.